பன்னிரண்டரை எலக்ட்ரான் வோல்ட்

என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலில் அணுக்கள் பற்றிய பாடத்தின் முடிவில் ஒரு சிறிய கணக்கு உண்டு. அறை வெப்பநிலையில் உள்ள ஹைட்ரஜன் வாயுவின் மீது 12.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் கற்றை மோதுகிறது; அப்போது எந்தெந்த அலைநீளங்களில் ஒளி வெளிவரும் என்பது கேள்வி. எண்களைச் சற்றே மாற்றி இதே கேள்வியைப் பள்ளித் தேர்விலும் நுழைவுத் தேர்விலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சூத்திரம் தெரிந்த மாணவரும் இதில் இடறுவார். சூத்திரத்தில் இல்லாத ஒரு விஷயத்தை இது சோதிக்கிறது: அணுவோடு மோதுவது எது என்பதைப் பொறுத்து, அதே 12.5-க்கு விடை மாறும்.

முதலில் அணுவின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். ஹைட்ரஜனில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான் இருக்கிறது. அது நினைத்த ஆற்றலில் இருக்க முடியாது. சில குறிப்பிட்ட மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும். 1913-இல் நீல்ஸ் போர் தந்த விதி அந்த மட்டங்களை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது:

E_n = −13.6 / n² eV

இதில் n என்பது 1, 2, 3 என்று போகும் முழு எண். எலக்ட்ரான் வோல்ட் என்பது, ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல். மட்டங்களைக் கணக்கிட்டால் முதல் மட்டம் −13.6, இரண்டாவது −3.40, மூன்றாவது −1.51, நான்காவது −0.85 என்று வரும். எதிர்க்குறியைக் கண்டு மிரள வேண்டாம். அணுவை விட்டு முழுவதும் விடுபட்டு அசையாமல் நிற்கும் எலக்ட்ரானுக்குச் சுழி ஆற்றல் என்று வைத்துக்கொண்டதால், அணுவுக்குள் கட்டுண்டு கிடப்பதற்கு அதைவிடக் குறைந்த மதிப்பு வருகிறது, அவ்வளவுதான். மேலே போகப் போக மட்டங்கள் நெருங்கி வருவதையும் கவனியுங்கள். முதல் மட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே 10.2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 1.89 மட்டுமே. வெளிவரும் ஒளி எங்கே கண்ணுக்குத் தெரியும், எங்கே தெரியாது என்பதை முடிவு செய்வது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

கேள்வியில் 'அறை வெப்பநிலை' என்ற சொற்களை அலங்காரம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது ஒரு தகவல். அறை வெப்பநிலையில் ஓர் அணுவுக்கு வெப்பத்தால் கிடைக்கும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். இரண்டாம் மட்டத்துக்கு ஏறவோ 10.2 தேவை. ஆகவே ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் அடிநிலையில், அதாவது முதல் மட்டத்தில்தான் இருக்கும். நாம் ஏணியின் அடிப்படியிலிருந்து தொடங்குகிறோம் என்பதை அந்த இரண்டு சொற்கள் சொல்லிவிட்டன.

இனி ஏற்றம். அடிநிலையிலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு 10.2, மூன்றாம் மட்டத்துக்கு 12.09, நான்காம் மட்டத்துக்கு 12.75. கையில் இருப்பதோ 12.5. இது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் விழுகிறது. இந்த இடத்தில் விடைத்தாள்கள் இரண்டாகப் பிரியும். சிலர் 12.5-ஐ நேரே சூத்திரத்தில் போட்டு n-ஐக் கண்டுபிடிப்பார்கள், 3.52 என்று வரும். கணிதப் பாடத்தின் பழக்கத்தில் அதை 4 என்று முழுமையாக்கிவிடுவார்கள். அது தவறு. நான்காம் மட்டத்துக்கு வேண்டிய 12.75 கையில் இல்லை. கால் எலக்ட்ரான் வோல்ட் குறைகிறது. இங்கே தசம எண் வந்தால் எப்போதும் கீழே உள்ள முழு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 3.99 என்று வந்தாலும் விடை மூன்றாம் மட்டம்தான்.

வேறு சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். 12.5 எந்த இடைவெளியோடும் பொருந்தவில்லை, ஆகவே அணு எதையும் ஏற்காது, ஒளியும் வராது என்று எழுதுவார்கள். இது முட்டாள்தனமான விடை அல்ல. வேறொரு கேள்விக்கான சரியான விடை. மோதுவது எலக்ட்ரானாக இல்லாமல் ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக இருந்திருந்தால் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

வித்தியாசம் இதுதான். ஃபோட்டான் தன்னை அணுவிடம் கொடுத்தால் முழுவதுமாகக் கொடுத்து மறைந்துபோகும். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியோடு கிளம்பி, அணுவை ஒரு மட்டம் ஏற்றிவிடுவது இந்தக் கணக்குகளில் வரும் உட்கவர்தலில் இல்லை. எனவே ஃபோட்டானின் ஆற்றல் இடைவெளியோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலும் அறை வெப்பநிலை ஹைட்ரஜன் அதைக் கவராது. எலக்ட்ரான் அப்படியல்ல. அதனிடம் இருப்பது இயக்க ஆற்றல். தேவையானதைக் கொடுத்துவிட்டு மீதியோடு வேகம் குறைந்து வெளியேறலாம். சரியான சில்லறை இல்லாமல் ஏற மறுக்கும் பயணி ஃபோட்டான் என்றால், நோட்டைக் கொடுத்து மீதி வாங்கிக்கொள்பவர் எலக்ட்ரான். நம் கணக்கில் 12.5 கொண்டுவந்த எலக்ட்ரான் 12.09-ஐ அணுவிடம் விட்டு, ஏறத்தாழ 0.41 எலக்ட்ரான் வோல்ட்டோடு போய்விடும். அல்லது 10.2-ஐ மட்டும் விட்டு 2.3-ஓடு போகும். எதையும் கொடுக்காமல் திசை மட்டும் மாறிப் போகும் எலக்ட்ரான்களும் ஏராளம்.

ஃபோட்டானின் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதன் ஆற்றல் 13.6-ஐத் தாண்டிவிட்டால் எந்த மதிப்பாக இருந்தாலும் அணு ஏற்கலாம். அப்போது எலக்ட்ரான் அணுவை விட்டே வெளியேறும், 13.6 போக மிஞ்சியது அந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் ஆகிவிடும். கட்டற்ற எலக்ட்ரானுக்கு மட்டங்கள் இல்லாததால் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. '14 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்' என்று கேள்வியில் வந்தால், நான்கு தேர்வுகளில் '0.4 எலக்ட்ரான் வோல்ட்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

எலக்ட்ரான் மீதி வைத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஆய்வகச் சான்று 1914-இல் கிடைத்தது. பெர்லினில் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்டாவ் ஹெர்ட்ஸ் என்ற இருவர் பாதரச ஆவி நிரம்பிய குழாயில் எலக்ட்ரான்களை முடுக்கி, மறுமுனைக்கு வந்து சேரும் மின்னோட்டத்தை அளந்தார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஏறியது, 4.9 வோல்ட் அருகே திடீரென விழுந்தது. மேலும் கூட்டினால் மறுபடி ஏறி, இன்னொரு 4.9 வோல்ட்டில் மறுபடி விழுந்தது. பாதரச அணு 4.9 எலக்ட்ரான் வோல்ட்டைத்தான் வாங்குகிறது. அந்த அளவை எட்டாத எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களில் பட்டு ஆற்றல் இழக்காமல் தெறிக்கின்றன. எட்டியவை அதை இழந்து, எதிர்முனையை அடையத் தெம்பில்லாமல் நின்றுவிடுகின்றன. அந்த ஆவியிலிருந்து 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதா ஒளி வந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அலைநீளத்துக்குரிய ஆற்றலும் 4.9 எலக்ட்ரான் வோல்ட்தான். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் ஆற்றல் அது என்றே முதலில் அவர்கள் கருதினார்கள். மட்டம் ஏறும் ஆற்றல் என்ற விளக்கம் போரின் கருத்தோடு பொருந்தி நிலைபெற்றது பிறகுதான். அந்தக் குழாயின் உள்ளே நடந்ததும் நம் கேள்வித்தாளில் நடப்பதும் ஒன்றே. பாதரசத்துக்குப் பதில் ஹைட்ரஜன்.

மூன்றாவதாக ஒரு மோதல் இருக்கிறது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைச் சந்தித்திருப்பார்கள். எலக்ட்ரானுக்குப் பதில், அதே 12.5 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு ஒரு நியூட்ரான் வந்து, நின்றுகொண்டிருக்கும் ஹைட்ரஜன் அணுவில் மோதினால்? எந்த மட்டத்துக்கும் ஏறாது. நியூட்ரானும் ஹைட்ரஜன் அணுவும் ஏறத்தாழ ஒரே நிறை உடையவை. மோதலில் உந்தம் மாறாமல் இருக்க வேண்டுமானால், மோதியபின் இரண்டும் சேர்ந்தாவது நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வுக்கே பாதி ஆற்றல் போய்விடும். அணுவின் உள்ளே செலவிட அதிகபட்சம் 6.25 எலக்ட்ரான் வோல்ட்தான் மிஞ்சும். முதல் ஏற்றத்துக்கு வேண்டிய 10.2-க்கு இது போதாது. நியூட்ரான் ஹைட்ரஜனைக் கிளர்த்த வேண்டுமானால் குறைந்தது 20.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எலக்ட்ரானுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அது அணுவைவிட ஏறத்தாழ 1,837 மடங்கு லேசானது; நகர்வில் வீணாவது 12.5-இல் நூறில் ஒரு எலக்ட்ரான் வோல்ட் கூட இல்லை. ஆக, ஒரே 12.5-க்கு ஃபோட்டான் என்றால் கவர்தல் இல்லை, நியூட்ரான் என்றால் கிளர்வு இல்லை, எலக்ட்ரான் என்றால் மூன்றாம் மட்டம். கேள்வியில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மோதுவதன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது இறக்கம். மேலே ஏறிய எலக்ட்ரான் அங்கே நிலைப்பதில்லை; விநாடியில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். மூன்றாம் மட்டத்திலிருந்து நேரே முதலாவதற்கு விழலாம். அல்லது இரண்டாவதில் இறங்கி, பிறகு முதலாவதற்குப் போகலாம். எனவே வாயுவிலிருந்து மூன்று வரிகள் வரும். ஒரே ஓர் அணுவை எடுத்துக்கொண்டால் அது இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் போகும். ஒரு முறையில் அதிகபட்சம் இரண்டு ஃபோட்டான்களையே தரும். மூன்று வரிகளும் சேர்ந்து தெரிவது கோடானுகோடி அணுக்கள் இருப்பதால். வரிகளின் எண்ணிக்கைக்கு n(n−1)/2 என்ற சூத்திரம் கூட்டத்துக்கு உரியது. 'ஒரு தனி அணு' என்று கேள்வி சொன்னால் அதிகபட்ச எண்ணிக்கை n−1. நான்காம் மட்டத்துக்கு இது ஆறும் மூன்றுமாக வித்தியாசப்படும், இரண்டுமே தேர்வுகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

ஆற்றலை அலைநீளமாக்க நீண்ட பெருக்கல் தேவையில்லை. பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி அலகுகளை மாற்றினால் 1240 என்ற வசதியான எண் வருகிறது. எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் 1240-ஐ வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம்:

3 → 1: 1240 / 12.09 = 102.6 nm
2 → 1: 1240 / 10.2 = 121.6 nm
3 → 2: 1240 / 1.89 = 656 nm

முதல் இரண்டும் அடிநிலையில் முடிவதால் லைமன் வரிசையைச் சேர்ந்தவை. புறஊதாவில் விழுவதால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது பாமர் வரிசையின் முதல் வரி, நல்ல சிவப்பு. இவ்வளவுதான் விடை.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மேற்பார்வையாளர் தாளை வாங்குவதற்கு முன் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். இரண்டு வழியாக இறங்கினாலும் மொத்த உயரம் ஒன்றே. எனவே 10.2-உம் 1.89-உம் சேர்ந்தால் 12.09 வர வேண்டும், வருகிறது. ஆற்றல்கள் கூடும், ஆனால் அலைநீளங்கள் கூடா. 121.6-ஐயும் 656-ஐயும் கூட்டி மூன்றாவது அலைநீளம் 777 என்று எழுதும் தவறு ஆண்டுதோறும் நடக்கிறது. கூட்ட வேண்டியது அலைநீளங்களின் தலைகீழிகளை. மட்டங்கள் என்ற எண்ணமே பிறக்காத 1908-இல் வால்டர் ரிட்ஸ் இந்த விதியை வரிகளின் அளவுகளிலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னார். ஏன் அப்படி என்பதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துப் போர் காரணம் தந்தார்.

இன்னொரு சரிபார்ப்பு, விடை எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்பது. லைமன் வரிகள் எல்லாம் 91-க்கும் 122-க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும். பாமர் வரிசை 365 முதல் 656 வரை. அடுத்த பாஷன் வரிசை 820-இல் தொடங்கி 1875 வரை அகச்சிவப்பில் நீளும். பாமர் வரி என்று கேட்டு உங்கள் விடை 200 நானோமீட்டர் என்று வந்தால், ரிட்பெர்க் சூத்திரத்தில் n-களை மாற்றிப் போட்டீர்களா, கடைசியில் தலைகீழாக்க மறந்தீர்களா என்று திரும்பிப் பாருங்கள்.

தோராயப்படுத்தலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்றாம் மட்டத்தை −1.51 என்பதற்குப் பதில் −1.5 என்று எடுத்தால் இடைவெளி 1.9 ஆகி, சிவப்பு வரி 656-இலிருந்து 653-க்கு நகர்ந்துவிடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண் வரும் இடத்தில் சிறு பிழையும் பெரிதாகும். பின்னங்களிலேயே கணக்கைக் கொண்டுபோவது இதைத் தவிர்க்கும். லைமன் முதல் வரிக்கான பின்னம் 4/3, பாமர் முதல் வரிக்கு 36/5. இரண்டையும் வகுத்தால் 27/5, அதாவது 5.4. லைமன் முதல் வரி 121.6 என்று தந்து பாமர் முதல் வரியைக் கேட்டால் 5.4-ஆல் பெருக்கினால் போதும். எந்த மாறிலியும் நினைவில் இருக்க வேண்டாம்.

பின்னங்களின் இந்த வழி புதியதல்ல, வரலாற்றில் முதல் வழியே அதுதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்த யோஹான் பாமர், 1885-இல், அறுபது வயதை நெருங்கும்போது, ஹைட்ரஜனின் நான்கு கண்ணுறு வரிகளை எடுத்துக்கொண்டார். அவற்றை ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம் மிக நுட்பமாக ஏற்கனவே அளந்து வைத்திருந்தார். நான்கு அலைநீளங்களும் 364.56 நானோமீட்டர் என்ற ஒரே எண்ணின் 9/5, 4/3, 25/21, 9/8 மடங்குகள் என்று பாமர் கண்டார். 4/3-ஐ 16/12 என்றும் 9/8-ஐ 36/32 என்றும் எழுதிப் பாருங்கள். மேலே 9, 16, 25, 36 என்ற வர்க்கங்கள், கீழே அவற்றிலிருந்து 4 கழித்தது. அணுவைப் பற்றி எதுவும் தெரியாமல், எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, வெறும் எண்களிலிருந்து எடுத்த ஒழுங்கு அது. கழிக்கப்படும் அந்த 4 என்பது இரண்டாம் மட்டத்தின் வர்க்கம் என்று இன்று நமக்குத் தெரிகிறது.

கேள்வி மறைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் வாயு தனி அணுக்களாக இருப்பதில்லை. இரண்டிரண்டாகப் பிணைந்த மூலக்கூறுகளாக இருக்கிறது. பாடநூல் கணக்கு அணுக்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. தேர்வில் நாமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சிலிண்டரிலிருந்து வரும் ஹைட்ரஜனில் மெய்யாகவே 12.5 எலக்ட்ரான் வோல்ட் கற்றையைப் பாய்ச்சினால் விடை மாறும். மூலக்கூறைப் பிரிக்கவே 4.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்; பிரிந்த ஓர் அணுவை மூன்றாம் மட்டத்துக்கு ஏற்ற 12.09 வேண்டும். ஒரே மோதலில் இரண்டும் நடக்கக் குறைந்தது 16.6 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். ஆகவே அந்த வாயுவிலிருந்து ஒரு மோதலில் சிவப்பு வரி வராது; மூலக்கூறுகளே கிளர்ந்து தம்முடைய பட்டை நிறமாலையைத்தான் தரும். கல்லூரி ஆய்வகங்களில் சிவப்பு வரியைப் பார்க்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாய்களுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். அங்கே வேகமான எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளை உடைத்து, உடைந்த அணுக்களைக் கிளர்த்தி, பாமர் வரிகளை எழுப்புகின்றன.